நான்கு வருடம் பழகிய சம்பளத் தாளும் ஒரு ரூபாய்க் கணக்கும்

நண்பர் ஒருவர் புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். "உங்க சம்பள ஷீட்டைக் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று கேட்டார். பதினான்கு பேருக்கு நான்கு வருடமாக ஓடுகிற எக்செல் தாள். மொத்தச் சம்பளம், பிடித்தங்கள், கையில் கிடைப்பது என ஆளுக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பணத்துக்குத் தனிப் பத்தி போட்டதுதான் நான் செய்த உருப்படியான காரியம். வரிப் பிடித்தத்தையும் முன்பணத்தையும் ஒரே பத்தியில் சேர்த்து வைத்திருந்தவரை, "அண்ணா, இந்த மாசம் ஏன் இவ்வளவு பிடிச்சிருக்கு?" என்று யாராவது கேட்டால் பழைய நோட்டைத் தேட வேண்டும். இப்போது திரையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

ஆனால் இதே தாள் என்னை இரண்டு வருடம் படுத்தி எடுத்தது. வங்கிக்கு அனுப்பும் பட்டியலின் கூட்டுத்தொகையும் தாளின் அடிவரியும் சில மாதங்களில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இடிக்கும். 31 நாள் மாதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 20,000 சம்பளக்காரருக்கு 27 நாள், 15,000 காரருக்கு 28 நாள், 24,000 காரருக்கு 28 நாள். திரையில் 17,419, 13,548, 21,677 என்று தெரியும். கையால் கூட்டினால் 52,644. தாளோ 52,645 என்கிறது.

காரணம், தசமத்தை நான் மறைத்துத்தான் வைத்திருந்தேன், நீக்கவில்லை. 17,419.35, 13,548.39, 21,677.42 என்று உள்ளே அப்படியே இருக்கிறது. SUM அதைத்தான் கூட்டும். மொத்தத்தில் பிடித்தத்தைக் கழித்துச் சரிபார்த்தாலும் வித்தியாசம் பூஜ்யம் என்றே வரும். ஏனென்றால் எல்லாப் பத்தியும் அதே தசமத்தோடுதான் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நாள் பிடிபடவில்லை. G பத்தி கையில் கிடைப்பது என்றால், இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=SUM(G2:G15)-SUMPRODUCT(ROUND(G2:G15,0))
```

பூஜ்யம் வரவில்லையென்றால் உங்கள் தாளிலும் அதே கோளாறு இருக்கிறது. மொத்தச் சம்பளம் கணக்கிடும் இடத்திலேயே முழு ரூபாயாக்க வேண்டும். B சம்பளம், C நாள், H1 மாதத்தின் நாட்கள்:

```
=ROUND(B2*C2/$H$1,0)
```

சதவீதத்தில் வரும் பிடித்தத்துக்கும் இதேபோல ROUND போடுங்கள். கையில் கிடைப்பதற்கு மட்டும் வேண்டாம், அது வெறும் கழித்தலாகவே இருக்கட்டும். அப்போதுதான் ஒவ்வொரு வரியும் கையால் கழித்தாலும் சரியாக வரும்.

மாற்றியபின் ஒரு மாதம்கூட இடித்ததில்லை. சரி, அப்படியென்றால் நண்பருக்கு அனுப்பினேனா? இல்லை. பழைய மாதங்களின் தாள்களில் அந்தத் தசமம் இன்னும் கிடக்கிறது, பார்த்தாலே எரிச்சல் வருகிறது. புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.