ஒரு லீடு 140 ரூபாயிலிருந்து 280 ஆனது ஏன்: பழைய டார்கெட்டிங், புதிய டார்கெட்டிங், மூன்றாவது வழி

மேடம்,

கோயம்புத்தூர் சோலார் விளம்பரத்தில் ஒரு லீடுக்கான, அதாவது படிவம் நிரப்பி நம்பர் தரும் ஒருவருக்கான செலவு இரண்டு மடங்கானது ஏன் என்று திங்கட்கிழமை கேட்டீர்கள். "ஆடியன்ஸைச் சுருக்கினோம், அதனால்தான்" என்று அங்கே சொன்னேன். அது பாதி பதில். மாற்றத்துக்கு முந்தைய நான்கு வாரக் கணக்கையும் பிந்தைய நான்கு வாரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு முழுதாக எழுதுகிறேன்.

முதலில், எதை மாற்றினோம் என்பது. பழைய அமைப்பில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவில் ஒரே ஒரு ஆட் செட், அதாவது யாருக்குக் காட்ட வேண்டும் என்ற ஒரே வரம்பு. கோவை மாவட்டம் முழுக்க, 25 முதல் 65 வயது, வேறு எந்த வடிகட்டலும் இல்லை. வரும் நம்பர்களில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்று விற்பனைப் பிரிவு தொடர்ந்து சொல்லிவந்தது. அந்தக் குறை நியாயமானது. கூரை சொந்தமில்லாதவருக்கு நம்மால் பேனல் விற்க முடியாது. அதனால் ஆறு பகுதிகளுக்கு, தலா 4 கிலோமீட்டர் வட்டத்தில், தனித்தனி ஆட் செட் போட்டோம்: வடவள்ளி, ஆர்.எஸ்.புரம், துடியலூர், சரவணம்பட்டி, சிங்காநல்லூர், போத்தனூர். வயது 35 முதல் 60. சூரிய மின்சாரத்திலும் வீடு புதுப்பித்தலிலும் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும். இதை மெட்டாவுக்குப் பரிந்துரையாகக் கொடுக்காமல் கட்டாய வரம்பாகவே கொடுத்தோம். விளம்பரப் படம், படிவம், ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் பட்ஜெட் எதுவும் மாறவில்லை. ஆறாகப் பிரித்தது என் முடிவு.

| | பழையது | புதியது |
|---|---|---|
| நான்கு வாரச் செலவு | ரூ.1,68,000 | ரூ.1,68,000 |
| ஆயிரம் முறை காட்ட ஆன செலவு | ரூ.112 | ரூ.168 |
| காட்டிய முறைகளில் கிளிக் ஆனவை | 1.6% | 1.5% |
| கிளிக் செய்து படிவம் நிரப்பியவர்கள் | 5% | 4% |
| லீட் | 1,200 | 600 |
| கூரை பார்க்க சைட் விசிட் | 72 | 60 |

ஒரு லீடின் விலை மூன்று விஷயங்களால் ஆனது: காட்டுவதற்கு ஆகும் விலை, கிளிக், படிவம். காட்டும் விலை ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. முன்பு ஆயிரம் முறை காட்டினால் சராசரியாக 0.8 லீட் கிடைத்தது, இப்போது 0.6தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததில் 140 என்பது 280 ஆகிவிட்டது.

இது தீபாவளி சீசன்தானே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அதே சந்தேகம்தான். துணிக்கடை, நகைக்கடை, மொபைல் கடை எல்லாம் விளம்பர இடத்துக்கான மெட்டா ஏலத்தில் இறங்கும் மாதம் அது. அதைச் சரிபார்க்க நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. திருப்பூர் விளம்பரத்தில் நாம் கையே வைக்கவில்லை. அங்கே அதே நான்கு வாரத்தில் காட்டும் விலை 105 ரூபாயிலிருந்து 116 ஆனது, கிளிக்கும் படிவமும் அசையவில்லை. சீசனின் பங்கு சுமார் 10 சதவீதம், அவ்வளவுதான். ஆக, எதையும் மாற்றாமல் இருந்திருந்தாலும் கோவையில் லீட் 140லிருந்து 154க்கு வந்திருக்கும். சின்ன வட்டமும் ஆர்வ வடிகட்டலும் சேர்ந்து காட்டும் விலையை ஏற்றியதில் 154 என்பது 210 ஆனது. கிளிக்கும் படிவமும் சரிந்ததில் 210 என்பது 280 ஆனது.

இந்தக் கடைசி 70 ரூபாய்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. நல்ல ஆட்களுக்குக் காட்டினால் படிவம் நிரப்புவது கூடத்தானே வேண்டும், ஏன் குறைந்தது? வாரவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பதில் தெரிகிறது. முதல் வாரம் 175 லீட், இரண்டாவது வாரம் 160, மூன்றாவது 140, நான்காவது 125. வாரச் செலவு ஒவ்வொரு முறையும் அதே 42,000. முதல் வாரம் 240 ரூபாயாக இருந்த லீட் நான்காம் வாரம் 336 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. மெட்டா புது அமைப்பைக் கற்றுக்கொள்வதில் ஏற்பட்ட தடுமாற்றம் மட்டும்தான் காரணம் என்றால் முதல் வாரம் மோசமாகத் தொடங்கிப் போகப்போகச் சரியாகியிருக்க வேண்டும். இங்கே நடந்தது நேர் எதிர். ஒருவர் கண்ணில் விளம்பரம் சராசரியாக எத்தனை முறை பட்டது என்ற எண் முன்பு 2, இப்போது 4. முன்பு ஏழரை லட்சம் பேரைச் சென்றடைந்தோம், இப்போது இரண்டரை லட்சம் பேர். நிரப்ப வேண்டியவர் முதல் வாரத்திலேயே நிரப்பிவிட்டார். மீதிப் பேருக்கு அதே படத்தை நான்காம் முறை, ஐந்தாம் முறை காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதோடு ஆறாகப் பிரித்ததன் விளைவும் சேர்கிறது. ஒரு ஆட் செட் நிலைபெற ஒரு வாரத்துக்குள் சுமார் 50 லீட் தேவை என்பது மெட்டா சொல்லும் கணக்கு. முன்பு ஒரே செட்டில் வாரம் 300 வந்தது. இப்போது வாரம் 150 லீடை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், தலைக்கு 25. ஆறிலுமே Learning limited என்று நான்கு வாரமாக நிற்கிறது. யார் படிவம் நிரப்புவார் என்று ஊகிக்கும் அளவுக்கு எந்தச் செட்டுக்கும் தகவல் சேரவில்லை. துடியலூர் வட்டமும் சரவணம்பட்டி வட்டமும் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. நம் செட்டுகளே ஒன்றோடொன்று ஏலத்தில் மோதி விலையை ஏற்றிக்கொள்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒரே கணக்கிலிருந்து இரண்டு விளம்பரம் ஒருவருக்காகப் போட்டியிட்டால் மெட்டா ஒன்றை மட்டும் ஏலத்துக்கு அனுப்புகிறது. அதனால் விலை ஏறுவதில்லை, ஆனால் தோற்ற செட்டுக்கு வேலையே கிடைப்பதில்லை. துடியலூர் செட் பட்ஜெட்டைச் செலவழிக்கவே திணறியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் லீட் விலை பற்றியது. ஆனால் நாம் லீடை வாங்கி அலமாரியில் வைப்பதில்லை, கூரை பார்க்கப் போகிறோம். அந்த இடத்தில் ஒப்பிட்டால் படம் வேறு. பழைய அமைப்பில் ஒரு சைட் விசிட்டுக்கு 2,333 ரூபாய், புதியதில் 2,800. லீட் விலை 100 சதவீதம் ஏறிய இடத்தில் விசிட் விலை 20 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. டெலிகாலர் நேரத்தையும் லீடுக்கு 30 ரூபாய் என்று சேர்த்தால் 2,833க்கு எதிராக 3,100, அதாவது வித்தியாசம் 9 சதவீதம்.

அந்த 20 சதவீதத்தையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். 72 என்பதும் 60 என்பதும் சின்ன எண்கள். எதையுமே மாற்றாமல் இருந்தாலும் ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் பத்து விசிட் முன்னே பின்னே ஆவது சகஜம். லீட் விலை இரட்டிப்பானது உறுதி. விசிட் விலை ஏறியது என்று அதே உறுதியோடு என்னால் சொல்ல முடியாது. ஆர்டர் கணக்கைப் பேசுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. விசிட்டிலிருந்து ஆர்டருக்கு நமக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

பகுதிவாரியாகப் பார்த்தது பயனுள்ளதாக இருந்தது. வடவள்ளியில் 110 லீடுக்கு 19 விசிட். சரவணம்பட்டியில் 130 லீடுக்கு 6. இரண்டு நாள் டெலிகாலர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சரவணம்பட்டியிலிருந்து பேசிய ஒருவர் மானியம் 78,000 வரை கிடைக்கும், அதற்கு 3 கிலோவாட் போட வேண்டும் என்பது வரை சரியாகச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து, "ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுட்டு சொல்றேங்க" என்றார். ஐ.டி. நிறுவனங்களை ஒட்டிய பகுதி, ஃபிளாட்டும் வாடகையும் அதிகம். சூரிய மின்சாரத்தில் ஆர்வம் என்ற வடிகட்டலில் அவர் கச்சிதமாகப் பொருந்துகிறார், ஆனால் மொட்டை மாடி அவருடையது இல்லை. இன்னும் இரண்டு பேர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர்கள், டீலர் விலை கேட்டார்கள். ஆர்வத்தை வைத்து வீட்டுக்காரரைத் தேடியதுதான் நம் டார்கெட்டிங்கின் அடிப்படைத் தவறு. ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று மெட்டாவுக்குத் தெரியும். மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது.

பழையதற்கே திரும்பிவிடலாமா? லீட் விலை உடனே இறங்கும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். ஆனால் மாதம் 1,200 பேரை அழைத்து 1,128 பேரிடம் "பரவாயில்லைங்க" என்று சொல்லி வைக்கும் நிலைக்கே டெலிகாலர்கள் திரும்புவார்கள். புதியதையே தொடர்ந்தால், வாரச் சரிவைப் பார்த்தவரை, அடுத்த மாதம் 336க்கும் மேலே போகும். விளம்பரப் படத்தை மாற்றினால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் பழையதைச் சொல்வேன், சரிவு நிற்காத ஒன்றில் பணம் போட எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்பது மூன்றாவது வழி. ஆடியன்ஸ் பழையபடி மாவட்டம் முழுக்க, ஒரே ஆட் செட். வடிகட்டும் வேலையைப் படிவத்துக்கு மாற்றுவோம். இரண்டு கேள்விகள் போதும்: "மொட்டை மாடி உங்கள் சொந்த வீட்டுடையதா?", "இரண்டு மாதக் கரண்ட் பில் எவ்வளவு வரும்?" இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். பில்லே சில நூறு ரூபாய்தான் என்றால் பேனல் போட அவருக்கு அவசரம் இருக்காது. கேள்வி கூடினால் படிவம் நிரப்புவோர் குறைவார்கள், லீட் விலை 200 பக்கம் வரும் என்பது என் கணிப்பு. 200க்கு வந்தாலும் நூற்றில் ஒன்பது பேர் விசிட்டுக்குச் சம்மதித்தால் விசிட் 2,222 ரூபாய். பழைய அமைப்பையே முந்திவிடும். புதிய அமைப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர் சம்மதித்தார்கள் என்பதால் ஒன்பது என்பது எட்டாத எண் இல்லை.

ஒரு அபாயமும் இருக்கிறது. பில் தொகையைச் சிலர் கூட்டிச் சொல்வார்கள், வாடகைக்காரர் சிலர் சொந்த வீடு என்று தட்டிவிடுவார்கள். அதனால் படிவத்தின் பதிலை அப்படியே நம்பாமல் டெலிகாலர் பேசி உறுதிசெய்த பிறகே தகுதியான லீட் என்று குறிக்க வேண்டும். இதுவரை நம் ஷீட்டில் சொந்த வீடா வாடகையா என்ற கட்டமே இல்லை, இந்த ஒப்பீட்டில் எனக்கு இருந்த பெரிய ஓட்டை அதுதான். இன்று அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிட்டேன். விசிட்டைவிடத் தகுதியான லீட் எண்ணிக்கையில் அதிகம் இருக்கும், முடிவும் சீக்கிரம் தெரியும். அந்தக் குறியைத் தினமும் மெட்டாவுக்குத் திருப்பி அனுப்பினால் அதுபோன்றவர்களையே தேடச் சொல்லலாம், ஆனால் அது அடுத்த கட்டம்.

உங்கள் ஒப்புதல் கிடைத்தால் வியாழக்கிழமை ஆறு செட்டையும் நிறுத்திவிட்டு, பட்ஜெட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்து, பழைய படிவம் ஒரு பக்கம் இரண்டு கேள்விப் படிவம் ஒரு பக்கம் என்று ஏ/பி டெஸ்ட் தொடங்குகிறேன். ஒரே மாதத்தில் இரண்டும் ஓடுவதால் சீசன் குழப்பம் இருக்காது. நான்கு வாரத்துக்கு நடுவில் எதையும் தொடக் கூடாது. குறிப்பாக இரண்டாம் வாரம் லீட் விலை 200க்கு மேல் தெரிந்தால் விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பு வரும், அப்போது நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.