ஷோகேஸின் பின்புறம்: திறந்து விடலாமா, அடைக்கலாமா?

சிறிய ஜவுளிக் கடையின் முகப்பைப் புதுப்பிக்க இறங்கினால் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஷோகேஸுக்குப் பின்னால் பிளைவுட் அடித்து அடைப்பதா, அல்லது திறந்து விட்டு, தெருவில் போகிறவர் கண்ணாடி வழியே கல்லாப்பெட்டி வரைக்கும் பார்க்கும்படி வைப்பதா? கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் சேலைக் கடை பல வருடம் திறந்த ஷோகேஸோடுதான் இருந்தது. போன வருடம் அடைத்தோம். இரண்டையும் ஒரே தெருவில், ஒரே கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு அடைப்பின் பக்கம்.

எங்கள் கடை மேற்குப் பார்த்தது. முகப்பு 14 அடி. அதன் தென்கோடியில் வாசல். அதை ஒட்டி 8 அடி அகலமும் 3 அடி ஆழமும் கொண்ட ஷோகேஸ்.

திறந்த ஷோகேஸின் நன்மைகளை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே கூட்டம் இருந்தால் வெளியே இருப்பவருக்குத் தெரியும். கூட்டம் இருக்கும் கடையில்தான் இன்னும் நாலு பேர் ஏறுவார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. சின்னக் கடைக்குள் நுழையத் தயங்குகிறவர்களுக்கும், உள்ளே என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று தெரிவது ஒரு தைரியம். இடமும் வீணாகாது. அடைத்தால் 24 சதுர அடி போய்விடும், அதற்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறோம். இவ்வளவும் உண்மை. ஆனாலும் அடைத்ததற்கு ஒரே காரணம், காலை நேரத்தில் எங்கள் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறிவிடுவதுதான்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்குப் பார்த்த கடை என்றால் காலையில் நம் முகப்பு நிழலில் இருக்கும், எதிர்ச்சாரிக் கட்டடங்கள் முழு வெயிலில் இருக்கும். சாதாரணக் கண்ணாடியை நேராகப் பார்த்தால், தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தை அது திருப்பி அனுப்பும். முன்பக்கம் 4, பின்பக்கம் 4. கேட்க இது அற்பமாகத் தோன்றும். ஆனால் வெயில் படும் எதிர்ச்சுவரில், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், 80,000 விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 8 சதவீதம் 6,400. கடைக்குள் டியூப் லைட் வெளிச்சம் ஏறக்குறைய 300 லக்ஸ். சுவரும் சரக்கும் ஒரே வெளுப்பு என்று எடுத்துக்கொண்டாலும், கண்ணாடியில் தெரியும் எதிர்வீட்டுச் சுவர் நம் கடையின் உட்புறத்தைவிட இருபது மடங்கு பிரகாசம். தெருவில் நிற்பவர் எங்கள் சேலையைப் பார்க்கவில்லை, எதிர்க்கடையின் போர்டை இடவலம் மாறிய எழுத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடைத்தால் இது முழுக்கத் தீர்ந்துவிடுமா? தீராது. பின்பலகைக்கு வெளிர் நிறம் அடித்து, மேலிருந்து ஸ்பாட் லைட் போட்டு, சேலையின் மேல் 1,500 லக்ஸ் கொண்டுவந்தாலும் 6,400-உடன் அது போட்டி போட முடியாது. இருபது மடங்கு வித்தியாசம் நாலு மடங்காகக் குறையும், அவ்வளவுதான். ஆனால் மிச்ச வேலையை இடம் பார்த்து வைப்பதால் முடித்துக்கொள்ளலாம், அதற்கு அடைப்பு வேண்டும்.

கண்ணாடி எல்லா உயரத்திலும் ஒரே காட்சியைக் காட்டுவதில்லை. கண் மட்டத்துக்கு மேலே பார்த்தால் எதிர்ச்சாரியின் மாடிச் சுவரும் வானமும் தெரியும். கண் மட்டத்தில் எதிர்க்கடைகளின் சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் நிழல் தெரியும். அதற்கும் கீழே தார் ரோடு. தார் கறுப்பு, வெயிலிலும் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பும். ஆக, கண்ணாடியில் மூன்றடியிலிருந்து ஐந்தடி வரைக்குமான பட்டையில்தான் காலையிலும் உள்ளே இருப்பது தெரியும். முக்கியச் சேலை அந்தப் பட்டைக்குள் இருக்க வேண்டும். இரண்டடி மேடை மேல் முழு உயரப் பொம்மையை ஏற்றி நிறுத்தும் வழக்கத்தில், தோளும் முந்தியின் மேல்பகுதியும் வானம் தெரியும் பகுதிக்குள் போய்விடுகின்றன. நாங்கள் மேடையை அரையடியாகக் குறைத்தோம். முந்தியைத் தோளிலிருந்து பின்னால் விடாமல், கையில் ஏந்தி முன்பக்கம் விரித்து, இடுப்பு உயரத்தில் வருமாறு கட்டினோம்.

இதையே திறந்த ஷோகேஸிலும் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் சேலைக்குப் பின்னால் இருட்டுதான் இருக்கும். இருட்டின் மேல்தான் பிரதிபலிப்பு மிக அழுத்தமாக விழுகிறது. அதே காரணத்தால், அடைக்கிறேன் என்று அரக்கு வெல்வெட்டோ கறுப்பு லேமினேட்டோ ஒட்டினால் காலையில் பழைய கதையேதான். இரவில் அது அழகாக இருக்கும், மறுக்கவில்லை. பகல் வியாபாரம் இருக்கும் தெருவில் சந்தன நிறமோ வெளிர் சாம்பலோதான் சரி. பளபளப்பில்லாத பூச்சாக இருக்கட்டும்.

மாலையில் நிலைமை தலைகீழ். வெயில் நேராக நம் ஷோகேஸுக்குள் இறங்கும், எதிர்ச்சாரி நிழலுக்குப் போய்விடும். பிரதிபலிப்புத் தொல்லை போய் நிறம் மங்கும் தொல்லை வரும். மடிப்பு விளிம்பில் மட்டும் வெளுத்த பட்டுச் சேலையை யாரும் வாங்க மாட்டார்கள். அடைத்த பெட்டியில் வெப்பமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், பின்பலகையின் மேல்விளிம்பில் காற்றுப் போக நாலு அங்குல இடைவெளி விட்டிருக்கிறோம். புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டினால் மங்குவது குறையும், ஆனால் நிற்காது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தைத் தின்னும். ஒட்டுவதாக இருந்தால் நிறமற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும், வெள்ளி போல மின்னும் ஃபிலிம் காலைத் தொல்லையை இரட்டிப்பாக்கும். நாங்கள் வாரம் ஒருமுறை சேலையை மாற்றுகிறோம், மாலை வெயில் நேரத்துக்குத் துணித் திரையை இறக்குகிறோம். திறந்த ஷோகேஸிலும் இந்த வேலை இருக்கத்தான் செய்யும்.

இரவில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியும். கண் முதலில் போவது காட்சியிலேயே பிரகாசமான இடத்துக்கு. திறந்த ஷோகேஸில் அந்த இடம் சேலை அல்ல, கடைக்குள் சீலிங்கில் வரிசையாக எரியும் டியூப் லைட்டுகள். பொம்மை அவற்றுக்கு முன்னால் நிழலுருவமாக நிற்கும். சேலைக்கு எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் வெறும் விளக்கை அது வெல்லாது. அடைத்த பெட்டியில் எது பிரகாசம் என்பதை நாம் முடிவு செய்கிறோம். முக்கியச் சேலைக்குச் சுற்றுப்புறத்தைவிட ஐந்து மடங்கு வெளிச்சம் இருந்தால் அது தனித்துத் தெரியும். சுற்றிலும் 300 லக்ஸ் என்றால் சேலையில் 1,500. இரண்டு மடங்கு என்றால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஒளி 24 டிகிரி விரியும் ஸ்பாட் லைட், ஐந்தடி தூரத்தில் இரண்டடி வட்டம் போடும். முந்தியும் பார்டரும் சேரும் இடத்துக்கு அது போதும். விளக்கைக் கண்ணாடியை ஒட்டிய மேல்விளிம்பில் ஒரு பட்டைப் பலகைக்குப் பின்னால் மறைத்து, உள்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து தெருவை நோக்கி வைத்தால் நடப்பவர் கண்ணில் குத்தும்.

விளக்கு வாங்கும்போது வாட் மட்டும் பார்க்காதீர்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90-க்குமேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். 80 உள்ள எல்.இ.டி.யில் அரக்குப் பட்டு பழுப்படித்துப் போகும், சிவப்பு செத்துவிடும். சரிகைக்கு 3,000 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த ஒளி. பருத்தி அதிகம் வைப்பவர்கள் 4,000 பக்கம் போகலாம்.

அடுத்தது, தெருவில் போகிறவர் இதை எந்தக் கோணத்தில் படிக்கிறார் என்பது. நடப்பவர் 8 அடிக் கண்ணாடியை இரண்டு வினாடியில் கடந்துவிடுவார். இரண்டு சக்கர வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு வினாடிகூட இல்லை. ஆனால் இருவரும் நேர் எதிரே வந்த பிறகு பார்ப்பதில்லை, வரும்போதே சாய்வாகப் பார்க்கிறார்கள். இடதுபுறம் போகும் வழக்கத்தால், எங்கள் கடையை ஒட்டி வரும் வண்டிகள் வடக்கிலிருந்து வருகின்றன. அவர்களுக்கு ஷோகேஸின் வடகோடி பக்கச்சுவரால் மறைந்துவிடும், தென்பகுதிதான் முதலில் திறக்கும். அதனால் பொம்மையை நடுவில் வைக்காமல் தெற்கே மூன்றில் ஒரு பங்கு தள்ளி, வடக்கு நோக்கி அரைவாசி திருப்பி நிறுத்தியிருக்கிறோம். பக்கத்திலேயே வாசல், பார்த்த கண்ணோடு காலும் அங்கே வரும். தெற்குப் பக்கப் பலகைக்கும் அதே சந்தன நிறம், ஏனென்றால் சாய்வாகப் பார்ப்பவருக்கு அதுதான் பின்புறம். ரொம்பச் சாய்ந்து பார்த்தால் கண்ணாடி 8 சதவீதத்தைவிட மிக அதிகமாகத் திருப்பும். அதற்கு வெளியே ஒரு துணிப் பந்தல்தான் பரிகாரம், எங்கள் தெருவில் நடைபாதை இடுக்கு என்பதால் அது நடக்கவில்லை.

லண்டனில் ஹீல்ஸ் என்ற கடையில் 1930களில் உட்குழிந்த கண்ணாடி வைத்து, பிரதிபலிப்பைக் கண்ணுக்குப் படாத பக்கம் வளைத்துவிட்டார்கள். பிரதிபலிப்பை 1 சதவீதமளவுக்குக் குறைக்கும் பூச்சுக் கண்ணாடியும் இப்போது கிடைக்கிறது. அது இருந்தால் திறந்த ஷோகேஸுக்கு எதிரான என் காலைநேர வாதம் பாதி விழும். நான் பழகியதில்லை, விலையைக் கேட்டதோடு சரி.

உங்கள் கடைக்கு எது என்று முடிவு செய்ய, இப்போது இருக்கும் ஷோகேஸை எதிர்ச்சாரியில் நின்று காலை 10.30-க்கும் இரவு 7.30-க்கும் போனில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். அதில் எது வெள்ளையாக முன்னால் நிற்கிறதோ அதைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். எங்களுடையதில் காலையில் எதிர்க்கடை போர்டு, இரவில் டியூப் லைட். அடைத்த பிறகு இரவில் முந்தி மட்டும். காலைப் படத்தில் மாடிச்சுவர் மேலே இன்னும் தெரிகிறது, ஆனால் கீழே சேலையும் தெரிகிறது.

தெற்குப் பார்த்த கடை, எதிரே மரமோ நிழலோ இருக்கிற கடை என்றால் அடைக்கச் சொல்ல மாட்டேன். எதிர்ச்சுவரில் 10,000 லக்ஸ்தான் விழும் என்றால் திரும்புவது 800, நல்ல விளக்குப் போட்டால் திறந்த ஷோகேஸிலேயே ஜெயிக்கலாம். டியூப் லைட்டுகளுக்கு மறைப்பு மட்டும் வேண்டும். நகைக்கடை, பேக்கரி பற்றி நான் சொல்வது சரியாக இருக்காது, அங்கே சரக்கின் அளவும் பாதுகாப்பும் வேறு. கடையின் ஆழம் 15 அடிக்குள் இருப்பவர்கள் 24 சதுர அடியை இழக்க முடியாது. அவர்கள் பொம்மைக்குப் பின்னால் மட்டும் நாலடி அகலத்தில், ஆறடி உயரத்தில் ஒரு வெளிர் பலகையை நிறுத்தி, மீதியைத் திறந்தே விடலாம். தீபாவளிக்கு அந்தப் பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் கூட்டமும் தெரியும்.