குறிஞ்சியா? படத் தேடலின் ஊகமும் செடியைப் பார்த்து உறுதிசெய்தலும்

கொடைக்கானல் சோலையோரத்தில் எடுத்த ஊதாப் பூவின் படத்தைத் தேடல் கருவியில் இட்டால், ‘நீலக்குறிஞ்சி’ என்ற பெயர் உடனே வந்துவிடும். கருவி படத்தின் நிறத்தையும் வடிவத்தையும் எண்களாக மாற்றி, தன்னிடமுள்ள படங்களுள் அவ்வெண்களுக்கு மிக நெருங்கியவற்றைக் கண்டு, அவற்றோடு பெரும்பாலும் ஒட்டியிருக்கும் சொல்லையே பெயராகக் காட்டுகிறது. குறிஞ்சி இனத்துப் பிற செடிகளின் படங்களுக்கும் சுற்றுலாப் பயணிகள் அதே பெயரை இட்டிருந்தால், அந்தப் பிழையும் சேர்ந்தே வரும். நான்கு தளங்களில் ஒரே படம் இருந்தாலும் அது நான்கு சாட்சியாகாது.

பெயரை உறுதிசெய்பவர் பூவோடு நிற்பதில்லை. செடி திறந்த புல்வெளிச் சரிவில் தாழ்ந்த புதராக நின்றதா, சோலை நிழலில் உயர்ந்து வளர்ந்ததா, இலையும் பூக்கதிரும் பூவடிச் செதிலும் எப்படி இருந்தன என்று பார்த்து, வட்டாரத் தாவர நூலோடும் உலர்தாவரத் தொகுப்பின் மாதிரியோடும் ஒப்பிடுவார். நீலக்குறிஞ்சி 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெருந்திரளாகப் பூத்தது. இடைப்பட்ட ஆண்டில் எடுத்த படம் ஐயத்தைக் கூட்டும், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பதுண்டு என்பதால் அதுவும் முடிவாகாது. இலையே தெரியாத அண்மைப் படமென்றால், ‘குறிஞ்சி இனம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதே என் வழக்கம்.