உதட்டுக்கு எது: வாசலினா, லேனோலினா, நெய்யா, லிப் பாமா?

எங்கள் மருந்துக்கடைக்கு, கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் சீட்டோடு வருபவர்கள் முதல் தடவை மாத்திரையைப் பற்றித்தான் கேட்பார்கள். அடுத்த மாதம் வரும்போது கேள்வி மாறியிருக்கும்: "அண்ணா, உதட்டுக்கு ஏதாவது நல்லதா குடுங்க." கேட்டு முடிப்பதற்குள் கீழுதட்டை நாக்கால் ஒரு முறை தடவிக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்குக் கவுண்டரில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கர்ப்பத் தடுப்பு, இரத்தப் பரிசோதனை, அளவு ஆகியவற்றில் உங்கள் தோல் மருத்துவர் சொன்னதே முடிவு. நான் பேசப்போவது உதட்டையும் தோலையும் பற்றி மட்டும்.

இந்த மருந்து தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிவிடுகிறது. கட்டி கட்டியாக வரும் பருக்கள் அடங்குவதும் அதனால்தான், முகம் காய்வதும் அதனால்தான். உதட்டின் சிவந்த பகுதிக்கு எண்ணெய்ச் சுரப்பி இயல்பாகவே கிடையாது, மேல்தோலும் மெல்லியது. மருந்து அதை இன்னும் மெலியவைக்கும்போது உள்ளே இருக்கும் ஈரம் நிற்காமல் போய்விடுகிறது. ஏறக்குறைய எல்லோருக்கும் இது வரும், மருந்தின் அளவு கூடினால் வறட்சியும் கூடும். ஒரு மாதமாகியும் உதடு கொஞ்சம்கூடக் காயவில்லை என்றால், "வெறும் வயிற்றில் போடுகிறாயா?" என்று டாக்டர்கள் கேட்பது வழக்கம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடாவிட்டால் வழக்கமான கேப்சூலில் பாதிகூட உடலில் சேராது.

எத்தனை நாள் சமாளிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது என்று முடிவு செய்யலாம். என் தம்பியின் கணக்கையே சொல்கிறேன். எடை 60 கிலோ. மொத்தமாகச் சேர வேண்டிய அளவு கிலோவுக்கு 120 மி.கி. என்று டாக்டர் வைத்திருந்தார், அதாவது 7,200 மி.கி. தினமும் 30 மி.கி. என்றால் 240 நாள், எட்டு மாதம். நாளுக்கு எட்டு பத்து தடவை, எட்டு மாதம் பூசப்போகும் பொருள் எரியக்கூடாது, ஒவ்வாமை தரக்கூடாது, விலையும் கையைக் கடிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூசிய இடத்தில் நிற்க வேண்டும்.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் என் முதல் தேர்வு வெறும் வாசலின்தான். அதாவது வாசனையும் நிறமும் சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. அது தோலுக்குள் இறங்காது, மேலே மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் வெளியே போகாமல் தடுப்பதில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வராது. ஒவ்வாமை மிக மிக அரிது. "பெட்ரோல்ல செய்றதாமே" என்று தயங்குபவர்கள் உண்டு. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்ததைத்தான் களிம்புகளுக்கே அடிப்படையாகச் சேர்க்கிறார்கள். அது தோல் துளையை அடைத்துப் பருவைக் கிளப்பும் பொருளும் அல்ல.

அதற்கும் ஒரு குறை உண்டு. இருக்கும் ஈரத்தைப் பூட்டுமே தவிர, புதிதாக ஈரம் தராது. காய்ந்து உரிந்த உதட்டின்மேல் அப்படியே தேய்த்துவிட்டு "வேலை செய்யல" என்று திரும்பி வருபவர்கள் அதிகம். தண்ணீரில் விரலை நனைத்து உதட்டில் அரை நிமிடம் ஒற்றுங்கள். துடைக்காமல், பச்சைப்பயறு அளவு எடுத்து, தேய்க்காமல் தட்டித் தட்டி வையுங்கள். உதட்டின் ஓரக்கோட்டையும் இரண்டு கடைவாயையும் விட்டுவிடாதீர்கள். சாப்பிடுவதற்கு முன் ஒரு பூச்சு, சாப்பிட்டு வாய் கழுவியதும் ஒரு பூச்சு. காரமும் புளியும் வெடிப்பில் இறங்கி எரிவதை அந்த முதல் பூச்சு தடுக்கும். டப்பாவைவிட டியூப் நல்லது, நாள் முழுக்க அதே விரலை உள்ளே விட வேண்டியதில்லை.

லேனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. பால் கொடுக்கும் தாய்மாருக்கு மார்புக்காம்பு வெடிப்புக்குக் கொடுக்கிறோமே, அந்த டியூப்தான். வாசலினைவிடப் பிசுபிசுப்பு, அதனாலேயே எளிதில் வழுக்கிப் போகாது. தூங்கும்போது வாயைத் திறந்து மூச்சுவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ராத்திரிப் பூச்சாக இது வாசலினை முந்துகிறது என்பது என் அனுபவம். ஆனால் விலை பல மடங்கு. சிலருக்கு ஒவ்வாமையும் வரும். முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு சின்ன இடத்தில் மூன்று நான்கு நாள் பூசிப் பார்த்துவிட்டு உதட்டுக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம் நெய்யும் தேங்காய் எண்ணெயும். எங்கள் அம்மா தம்பிக்கு முதலில் கொடுத்தது நெய்தான். உதட்டுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அது நிற்காது. நெய் பூசிக்கொண்டு எவர்சில்வர் டம்ளரில் ஒரு வாய் காபி குடித்துப் பாருங்கள். விளிம்பில் பிறை மாதிரி ஒரு எண்ணெய்த் தடம் இருக்கும். உதட்டில் இருக்க வேண்டியது டம்ளருக்குப் போய்விட்டது. உதட்டுச் சூட்டுக்கே உருகிவிடும் கொழுப்பு மணிக்கணக்கில் மூடியாக இருக்க முடியாது. தேங்காய் எண்ணெயில் கூடுதலாக ஒரு சிக்கல், அது வழிந்து தாடைக்குப் போகும். பரு வரும் தோலில் துளையை அடைக்கக்கூடிய எண்ணெய் அது. வேறு ஒன்றும் கையில் இல்லாத நேரத்துக்கு நெய் சரி, எட்டு மாதத்துக்குச் சரிவராது.

மிச்சம் இருப்பது லிப் பாம் குச்சி. இதில் எது நல்லது என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மென்தால், கற்பூரம், புதினா, லவங்கப்பட்டை, ஏதாவது பழ வாசனை இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஜில்லென்ற அந்த உணர்வு இதமாகத் தோன்றும், ஆனால் வெடித்த உதட்டை அது உறுத்தும். இனிப்பு வாசனை நக்கவைக்கும். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும், அதில் உள்ள செரிமான நொதிகளும் மெலிந்த தோலுக்கு ஆகாது. வாசனை இல்லாத, எஸ்.பி.எஃப். 30 உள்ள ஒரு குச்சிக்கு மட்டும் இடம் உண்டு, வெயிலில் போகும்போது. வாசலினுக்கு வெயிலைத் தடுக்கும் குணம் கிடையாது, இந்த மருந்து எடுக்கும்போது உதடு சீக்கிரம் கருகும்.

தம்பி ஒளித்துவைத்துப் பூசியது இந்த ஜில் வகையைத்தான். ஆறாவது வாரம் உதட்டின் எல்லைக்கோடே தெரியவில்லை, சிவப்பு வெளித்தோலுக்குப் பரவி அரித்தது. குச்சியை நிறுத்தி வெறும் ஜெல்லிக்கு மாறியதும் சிவப்பு அடங்கியது. ஆனால் இடது கடைவாயில் மட்டும் ஒரு வெடிப்பு ஆறாமல் நின்றது. கொட்டாவி விட்டால் பிளந்துகொள்ளும், காலையில் பார்த்தால் தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு. அது வறட்சி இல்லை, தொற்று. இந்த மருந்து எடுப்பவர்களின் மூக்கிலும் வாயோரத்திலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி எளிதில் குடியேறும். டாக்டர் மியூபிரோசின் களிம்பு எழுதினார், ஒரு வாரத்தில் மூடியது.

வெறும் வறட்சி உதடு முழுக்கச் சமமாக உரியும், பூசிய ஒரு மணி நேரத்தில் இதமாகும். ஒவ்வாமை கோட்டைத் தாண்டிப் பரவி அரிக்கும், புதிதாக ஏதோ ஒன்றைத் தொடங்கிய பிறகு வரும். தொற்று கடைவாயில் நிற்கும், பொருக்கு கட்டும், அல்லது வெள்ளையாக ஊறிப்போயிருக்கும். வெள்ளையாக ஊறியிருந்தால் பூஞ்சையாகவும் இருக்கலாம், அதற்குக் களிம்பே வேறு. அதனால்தான் கடைவாய்ப் புண்ணுக்குச் சும்மா ஒரு டியூப் கொடுங்கள் என்று கேட்பவரை நான் டாக்டரிடம் அனுப்புகிறேன். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த படர்தாமரை க்ரீமை அங்கே பூசவே பூசாதீர்கள்.

இன்னொன்று. கடைவாய்ப் புண் என்றாலே சத்துக் குறைவு என்று நினைத்து மல்டிவைட்டமின் கேட்பார்கள், தோல் காய்கிறது என்று மீன் எண்ணெய் மாத்திரை கேட்பார்கள். ஐசோட்ரெட்டினாயினே வைட்டமின் ஏ குடும்பம். காட் மீன் ஈரல் எண்ணெயிலும் பல மல்டிவைட்டமின்களிலும் வைட்டமின் ஏ இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அதன் நச்சுத்தன்மை கூடும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

முகத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. கழுவுவதற்குக் குளியல் சோப்பா, கடலை மாவா, சோப்பில்லாத க்ளென்சரா என்றால் மூன்றாவதுதான். சோப்பு காரத்தன்மை உள்ளது, மிச்சம் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் துடைத்துவிடும். கடலை மாவின் நறநறப்பை இந்தத் தோல் தாங்காது, எலுமிச்சையைப் பற்றிப் பேசவே வேண்டாம். முன்பு பருவுக்காக வாங்கிய சாலிசிலிக் ஃபேஸ்வாஷையும் பென்சாயில் பெராக்சைடையும், டாக்டர் தொடரச் சொல்லாவிட்டால், எடுத்து வைத்துவிடுங்கள்.

ஜெல்லா க்ரீமா என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எண்ணெய் வழிந்த முகத்துக்கு ஜெல் வாங்கிப் பழகியவர்கள் மருந்து தொடங்கிய பிறகும் அதையே பூசுகிறார்கள். கற்றாழை ஜெல்லும் அப்படித்தான்: பூசும்போது குளிர்ச்சி, கால் மணி நேரத்தில் தோல் இழுக்கும். இப்போது வேண்டியது கிளிசரினும் செராமைடும் உள்ள, வாசனையில்லாத க்ரீம். முகத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் பூசுங்கள். யூரியா கலந்தது காலுக்கு நல்லதுதான், ஆனால் முக வெடிப்பில் எரியும். மூக்கின் உட்பக்கம் காய்ந்து ரத்தம் கசிந்தால், ராத்திரி விரல் நுனியில் துளி ஜெல்லி எடுத்து முன்பகுதியில் மட்டும் லேசாகத் தடவலாம்.

சன்ஸ்கிரீனில் கண்ணோரம் எரிகிறது என்பவர்கள் ஜிங்க் ஆக்சைடு உள்ளதற்கு மாறலாம். மாநிறத் தோலில் வெள்ளை பூத்தது போல் தெரிந்தால், நிறம் சேர்த்த வகை கிடைக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிழிந்தால்தான் அட்டையில் போட்ட பாதுகாப்பு கிடைக்கும்.

மேலுதட்டு முடிக்கு வாக்ஸிங் போகும் பழக்கம் இருந்தால் மருந்து எடுக்கும்போதும், நிறுத்திய பிறகு ஆறு மாதம் வரையிலும் கூடாது, முடியோடு தோலும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். பார்லரில் உட்காரும்போது எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.