போல்கி செட்டும் வைர செட்டும்: 11 வருடம் போட்டு, விற்கப் போன அனுபவம்

2013ல் கணவரின் வேலைக்காக ஜெய்ப்பூரில் இருந்தோம். கொழுந்தன் கல்யாணத்துக்கு என்று ஜோஹ்ரி பஜாரில் ஒரு போல்கி செட் வாங்கினேன். அதே வருடம் அம்மா சென்னையில் ஒரு வைர செட் எடுத்துக் கொடுத்தார். 2024ல் மகளின் கல்லூரிச் செலவுக்கு இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று முடிவானபோதுதான் இரண்டையும் ஒழுங்காகக் கணக்குப் பார்த்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குந்தன் என்பது கல்லின் பெயர் இல்லை, கல் பதிக்கும் முறை. தங்கக் கூட்டுக்குள் அரக்கை நிரப்பி, அதன்மேல் பளபளப்புத் தாள் வைத்து, கல்லை உட்காரவைத்து, சுற்றிலும் சொக்கத் தங்கத்தின் மெல்லிய இழையை அழுத்தி இறுக்குவார்கள். அதில் உட்காரும் கல் பட்டை தீட்டாத வைரமாக இருந்தால் போல்கி. கடைப் பேச்சில் வெறும் 'குந்தன் செட்' என்றால் பெரும்பாலும் கண்ணாடிக் கல்தான். அடியில் தாள் இருப்பதால் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் போல்கிக்குள் இயற்கையான கீறலும் மேகமும் தெரியும். கண்ணாடி துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், சிலதில் காற்றுக்குமிழி இருக்கும்.

என் போல்கி செட் தராசில் 86 கிராம். பில்லில் பிரித்துப் போட்டிருந்தது: முத்தும் மரகத மணிகளும் 21 கிராம், அரக்கு 17 கிராம், போல்கி 32 காரட், அதாவது 6.4 கிராம். மீதி 41.6 கிராம்தான் தங்கம், 22 காரட் என்று எழுதியிருந்தது. வரி நீங்கலாக விலை 3,40,000. அதில் தங்கம் 1,14,400, போல்கி 1,44,000, மணிகள் 35,000, மற்றது கூலி. வைர செட் மொத்தமே 31 கிராம். 18 காரட் தங்கம் 30.16 கிராம், வைரம் 4.2 காரட், விலை 3,20,000.

போல்கியைப் பட்டுக்கயிற்றால் பின்கழுத்தில் கட்ட வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனால் கயிறு அறுக்கிற மாதிரி இருக்கும். 11 வருடத்தில் ஒன்பது தடவைதான் போட்டேன். ஒரு தடவை சென்ட் அடித்துக்கொண்டு போட்டதில், நடுக்கல் ஒன்று மூன்று மாதத்தில் புகை படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடியில் இருந்த தாள் கறுத்துவிட்டது. பதிக்கிறவர் அரக்கைச் சூடாக்கி, கல்லை எடுத்து, புதுத் தாள் வைத்துக் கொடுத்தார். வைர செட்டை இளம் சுடுநீரில் சோப்பும் பழைய பிரஷும் வைத்து நானே கழுவிக்கொள்கிறேன்.

சரி, விற்ற கதைக்கு வருகிறேன். அன்று 24 காரட் கிராம் 7,200 ரூபாய். வைர செட்டை வாங்கிய கடையிலேயே தங்கத்துக்கு அன்றைய விலை, வைரத்துக்குப் பில் தொகையில் 80 சதவீதம் என்றார்கள். கணக்குப் போட்டால் சுமார் 3,47,000 வந்தது. வேறு கடையில் வைரத்துக்குப் பாதிதான் கேட்டார்கள்.

போல்கிக்குச் சென்னையில் விலையே இல்லை. "அம்மா, கல்லைக் கழற்றிட்டு வாங்க, தங்கத்துக்குப் போட்டுத் தர்றோம்" என்றார்கள். காரட் மெஷின் 22க்கு மேலேயே காட்டியது. ஆனால் அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும், மேலே இருப்பது சொக்கத் தங்க இழை. 2021ல் ஹால்மார்க் கட்டாயமானபோதும் குந்தன், போல்கி, ஜடாவுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், அதனால் முத்திரையும் துணைக்கு வராது.

கடைசியில் ஜெய்ப்பூரில் வாங்கிய கடைக்கே போனோம். எங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொன்னேன். மணிகளைக் கோர்வையிலிருந்து கழற்றி, அரக்கை உருக்கி, கற்களை எடுத்து, தங்கத்தை உருக்கி நிறுத்தபோது 38 கிராம். தரம் 19 காரட். பற்றவைப்பு அதிகம் இருப்பதால் அப்படித்தான் வரும் என்றார்கள். பில்லில் உள்ளபடி 41.6 கிராம் 22 காரட்டாக இருந்திருந்தால் தங்கத்துக்கே 2,74,560 வந்திருக்கும், வந்தது 2,16,600. ஏறக்குறைய 58,000 ரூபாய் பில்லில் மட்டுமே இருந்த தங்கம்! எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. போல்கிக்குப் பழைய பில் விலையில் 60 சதவீதம், 86,400 கொடுத்தார்கள். மொத்தம் 3,03,000. கல் இரண்டு செட்டிலும் நஷ்டம்தான், தங்கம் ஏறியதால்தான் இந்த அளவாவது வந்தது.

இனி போல்கி வாங்கினால் தங்கத்தின் நிகர எடை, தரம், அரக்கின் எடை, கல்லின் காரட் தனித்தனியாகவும், திரும்ப எடுக்கும்போது உருக்கிய தரத்துக்கா பில் தரத்துக்கா விலை என்பதையும் எழுதி வாங்காமல் பணம் கொடுக்க மாட்டேன்.

பில்லில் 35,000 போட்ட மணிகளுக்கு 4,000 தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்து, மரகதத்தையும் முத்தையும் ஒரு சரமாகக் கோர்த்துவிட்டேன். அதை மகள் அடிக்கடி போட்டுக்கொள்கிறாள்.