மீதி எடிட் படங்களும் ரா ஃபைல்களும்: ஒரே மெசேஜில் கேட்பதா, இரண்டாகப் பிரித்துக் கேட்பதா?

தை மாதம் எங்கள் கல்யாணம். சித்திரையில் ஆல்பம் கைக்கு வந்துவிட்டது. பேசியபடி 350 எடிட் செய்த கேண்டிட் படங்கள் வர வேண்டும், வந்தது 238. ரிசப்ஷன் 90, முகூர்த்தம் 148. மாப்பிள்ளை அழைப்பிலும் நலங்கிலும் ஒன்றுகூட இல்லை. எடிட் செய்யாத ஒரிஜினல்களையும், அதாவது கேமரா சேமித்தபடியே இருக்கும் ரா ஃபைல்களையும், தருவதாக அட்வான்ஸ் கொடுக்கும்போது போட்டோகிராபர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார், அதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அவர் நல்ல மனிதர், வேலையும் நன்றாக இருந்தது, அதனால் சண்டை போடாமல் கேட்க வேண்டும். என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன் போட்டுக் கேட்பதை முதலிலேயே தள்ளிவிட்டேன். “அனுப்பிடறேன் தம்பி” என்பார், நானும் “சரிங்கண்ணா” என்பேன், என்ன அனுப்புவார், எத்தனை என்று இரண்டு பேருக்குமே நினைவிருக்காது. வாய்ஸ் நோட்டும் கிட்டத்தட்ட அதே கதைதான். எழுத்தில்தான் கேட்க வேண்டும். மிச்சமிருந்தது ஒரே கேள்வி: எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் கேட்பதா, இல்லை ரா ஃபைல்களை முதலில் கேட்டு வாங்கிக்கொண்டு எடிட் படங்களை அப்புறம் கேட்பதா? நான் இரண்டாவது வழியில் போனேன், அது சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஒரே மெசேஜ் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. இதெல்லாம் பாக்கி, எப்போது தருவீர்கள் என்று ஒரே இடத்தில் முடிந்துவிடும். என் சித்தப்பா பெண் அப்படித்தான் கேட்டாள், மெசேஜும் தன்மையாகத்தான் இருந்தது. இரண்டு விஷயம் கேட்டால் எது சுலபமோ அதற்குத்தானே பதில் வரும்? “எடிட்டிங் போய்ட்டு இருக்கும்மா” என்று வந்தது. ரா பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவளும் எடிட் முடியட்டும் என்று இருந்துவிட்டாள். நாலு மாதம் கழித்து மறுபடி கேட்டபோது, அந்த டிஸ்க்கை ஃபார்மேட் போட்டாச்சு என்று பதில். யார் அந்த போட்டோகிராபர் என்பது இங்கே தேவையில்லை. அவர் வேண்டுமென்று செய்ததாகவும் நான் நினைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். இப்போது பரவலாகக் கையில் இருக்கும் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், சுருக்கிச் சேமிக்கும் செட்டிங்கில் சுமார் 25 எம்பி, சுருக்காமல் வைத்தால் அதற்கு இரண்டு மடங்குக்குப் பக்கம். எங்கள் கல்யாணத்தில் ஏறக்குறைய 4,500 படங்கள், 110 ஜிபி சொச்சம். இதுபோல் ஒரு சீசனில் முப்பது கல்யாணம் எடுத்தால் ஸ்டில் மட்டுமே மூன்று டெராபைட்டைத் தாண்டும், வீடியோ அதற்கு மேல். ஆல்பம் கொடுத்து முடித்தபின் இடம் போதவில்லை என்றால் அவர் முதலில் எதை அழிப்பார்? எடிட் செய்த ஜேபெக்கையா? அது மொத்தமே சில ஜிபிதான், விளம்பரத்துக்கும் வேண்டும். ராவைத்தான் அழிப்பார். ரா இருந்தால் மீதி எடிட்டை அடுத்த மாதமோ அடுத்த வருடமோ செய்துகொள்ளலாம், ரா போய்விட்டால் அந்த 112 படங்களும் சேர்ந்தே போய்விடும். எதற்கு அவசரம் என்பது எனக்கு இதிலேயே தெளிவாகிவிட்டது.

ஆனால் ராவை மட்டும் தனியாகக் கேட்டால் ஒரு சங்கடம் உண்டு. நம் எடிட் பிடிக்கவில்லை போல, வேறு யாரிடமோ கொடுக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். அரைகுறையாக யாரோ எடிட் செய்ததை அவர் பெயரோடு இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவோமோ என்ற பயமும் நியாயமானதுதான். அதனால் மெசேஜில் காரணத்தைச் சொல்லிவிட்டேன். ஆடி முதல் வாரத்தில் அனுப்பினேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஸ்டுடியோவில் மனிதர் உட்கார்ந்திருப்பார். இதையே வைகாசியில் அனுப்பியிருந்தால் மண்டபத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் பார்த்துவிட்டு மறந்திருப்பார்.

“வணக்கம் அண்ணா. ஆல்பம் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு, அத்தை வர்றவங்க எல்லாருக்கும் எடுத்துக் காட்டறாங்க. ஒரு உதவி வேணும். கேமராவில் எடுத்தபடியே இருக்கும் ஒரிஜினல் ஃபைல்கள் ஒரு பிரதி வேணும், ரா இருந்தா ரா, ஜேபெக்ல மட்டும் எடுத்தது இருந்தா அது அப்படியே. வீட்ல பத்திரமா வைக்கத்தான். நாங்க எடிட் பண்ணி உங்க பேர்ல எங்கேயும் போட மாட்டோம். இந்த சனிக்கிழமை காலி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கொண்டு வந்து தரட்டுமா? இதுக்குத் தனியா ஏதாவது தரணும்னா சொல்லுங்க. காப்பி ஆகற வரைக்கும் எதையும் அழிச்சிடாதீங்க அண்ணா.”

இதில் எடிட் பாக்கி பற்றி ஒரு வரிகூட இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். ‘ரா’ என்று மட்டும் எழுதினால் சிலர் பெரிய சைஸ் ஜேபெக்கையே ரா என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். மேடையில் வரிசையாக நின்று எடுக்கும் ட்ரெடிஷனல் படங்களைப் பலர் ஜேபெக்கில்தான் எடுப்பார்கள், அவற்றுக்கு ரா என்ற ஒன்றே கிடையாது. அதனால்தான் “எடுத்தபடியே” என்று எழுதினேன். ஹார்ட் டிஸ்க் கொண்டுபோவது பெருந்தன்மைக்காக இல்லை. 110 ஜிபியை யாரும் நமக்காக நெட்டில் ஏற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள், கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பதே 15 ஜிபி. மலிவான பென் டிரைவ் விநாடிக்கு 15 எம்பி வேகத்தில் எழுதினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாதாரண போர்ட்டபிள் டிஸ்க் 100 எம்பியில் எழுதினால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். டிஸ்க்கை exFAT முறையில் ஃபார்மேட் செய்து கொண்டுபோங்கள். அவர் மேக் வைத்திருந்தால், விண்டோஸின் NTFS டிஸ்க்கில் அதனால் தானாக எழுத முடியாது, அந்த ஒரு காரணத்துக்காக வேலை இன்னொரு வாரம் தள்ளிப்போகும்.

ஐந்தாம் நாள் டிஸ்க் வந்தது. வந்தவுடன் பார்க்க வேண்டியது ஃபோல்டரின் மொத்த அளவை. எங்களுடையதில் படங்கள் DSC03371.ARW என்பது மாதிரி இருந்தன, அது சோனி. நிக்கானில் NEF, புதிய கேனான்களில் CR3 என்று முடியும். 4,500 படங்கள் மொத்தமே 25, 30 ஜிபி என்றால் வந்திருப்பது ஜேபெக். எண்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஒன்றிரண்டு இல்லையென்றால் கண் மூடிய படங்களை அவரே கழித்திருப்பார். தொடர்ச்சியாக முந்நூறு எண்கள் காணவில்லை என்றால் ஒரு மெமரி கார்டே காப்பி ஆகாமல் விட்டிருக்கலாம், அன்றே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, ராவைத் திறந்தால் படம் வெளுத்துப்போன மாதிரி இருக்கும். அவர் செய்த கலர் வேலையெல்லாம் லைட்ரூம் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் கேட்டலாக்கில் இருக்கிறது, ரா ஃபைலுக்குள் இல்லை. என் மனைவி அரை மணி நேரம் பயந்துபோனாள்.

பிரித்துக் கேட்டதன் பெரிய லாபம் இதற்கப்புறம்தான் தெரிந்தது. ரா கையில் வந்ததால் இரண்டாவது மெசேஜில் “மீதி போட்டோ எப்போ வரும்” என்று மொட்டையாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாங்களே உட்கார்ந்து 112 படங்களைத் தேர்ந்தெடுத்து, எண்களோடு அனுப்பினோம்.

“அண்ணா, ஒரிஜினல் எல்லாம் சரியா வந்துடுச்சு, ரொம்ப நன்றி. பேசின 350ல 238 வந்திருக்கு. மீதி 112க்கு எந்தப் படம்னு நாங்களே எடுத்து எழுதிட்டோம், உங்களுக்குத் தேடற வேலை இருக்காது. மாப்பிள்ளை அழைப்பு 40, நலங்கு 32, குடும்பப் படங்கள் 40. எண் லிஸ்ட் கீழே இருக்கு. ரெண்டு கேமராவிலும் ஒரே எண் வர்றதால ஃபோல்டர் பேரையும் சேர்த்திருக்கோம். ஆவணி சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள முடியுமா? முடியாதுன்னா உங்களுக்கு எந்தத் தேதி சரிப்படும்னு சொல்லுங்க. வாட்ஸ்அப்ல படம் சுருங்கிடும், டிரைவ் லிங்க்கா அனுப்பினா போதும். பாக்கி 15,000ஐ லிங்க் வந்த அன்னிக்கே போட்டுடறேன்.”

அந்தப் பாக்கித் தொகை இல்லாமலிருந்தால் இதே வேகத்தில் நடந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. முழுப் பணமும் கொடுத்து முடித்தவர்களுக்கு நயமாகக் கேட்பதைத் தவிர பிடி எதுவுமில்லை. சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் அதை முதல் மெசேஜில் எழுதினால் அதற்கப்புறம் அவர் அண்ணாவும் இல்லை, நான் தம்பியும் இல்லை. உரிமை நம்முடையது என்பதால் ஃபார்மேட் போட்ட டிஸ்க்கிலிருந்து படம் திரும்பி வரப்போவதும் இல்லை.

ஒரே மெசேஜ்தான் சரி என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. இரண்டையும் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பிரிப்பதற்கு அவசியமில்லை, அந்தத் தாளைப் படமெடுத்து ஒரே மெசேஜில் அனுப்பிவிடலாம். வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருப்பவர்களுக்கும் டிஸ்க்கோடு இரண்டு முறை அலைய நேரமிருக்காது. அப்படி எழுதினாலும் ராவை மேலே எழுதுங்கள், எடிட்டைக் கீழே. நான் இதுவரை கேட்டது ஒரே ஒரு போட்டோகிராபரிடம், அவரும் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். எடிட்டிங்கை வெளியே கொடுத்துவிடும் பெரிய டீம்களிடம் ரா யார் கையில் இருக்கும் என்பதே வேறு கேள்வி, அங்கே இது எவ்வளவு எடுபடும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை.

ஆவணி பிறந்து நாலாம் நாள் லிங்க் வந்தது, 96 படங்கள். அன்றே பணம் போட்டேன். விட்டுப்போன 16ம் நலங்குப் படங்கள்தான், எண்களை மறுபடி அனுப்பியிருக்கிறேன், “சீசன் முடியட்டும் தம்பி” என்றிருக்கிறார். ரா இருக்கும் டிஸ்க் பீரோவில் இருக்கிறது, இன்னொரு பிரதி மாமனார் வீட்டில்.