வேலையை விட்டவருக்குத் தந்த கதவு எண்: மாற்றுவதா, நீக்குவதா, கெடு வைப்பதா?

சமையலுக்கு வந்துகொண்டிருந்தவர் மாதக் கடைசியோடு நின்றுவிடுகிறார். வாசற்கதவில் இருப்பதோ எண்களை அழுத்தித் திறக்கும் ஸ்மார்ட் பூட்டு. வீட்டில் எல்லோருக்கும் பொதுவான எண்ணை மாற்றலாம், அவருக்கென்று தந்த எண்ணை மட்டும் நீக்கலாம், அல்லது தரும்போதே கெடு வைத்திருந்தால் அது தானாகக் காலாவதியாகும் வரை காத்திருக்கலாம்.

பொது எண்ணை மாற்றுவது சுலபமாகத் தோன்றினாலும், ஒருவர் விலகியதற்காக வீட்டிலுள்ள அனைவரும் புதிய எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. மறந்துபோன பாட்டி பழைய எண்ணை அழுத்திக்கொண்டு வாசலில் நிற்பார் என்ற கவலையில், பலர் 4728 என்பதை 8274 என்று இடம் மாற்றிப் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வெவ்வேறான நான்கு இலக்கங்கள் தெரிந்துவிட்டால் அவற்றை அடுக்க 24 வழிகளே உள்ளன என்பதால் இதை மாற்றமாகவே கருத முடியாது.

ஆளுக்கொரு எண் தந்திருந்தால் சமையல்காரரின் எண்ணை மட்டும் எடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. என் பரிந்துரை இதுதான். ஆனால், இணையத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத பல பூட்டுகளில், நீக்கும் கட்டளை புளூடூத் வழியாகவோ பூட்டை இணையத்தோடு இணைக்க வீட்டில் பொருத்திய கேட்வே கருவி வழியாகவோ பூட்டைச் சென்றடைய வேண்டும். அலுவலகத்திலிருந்தபடி செயலியில் அழுத்தியது பூட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் பழைய எண் தொடர்ந்து கதவைத் திறக்கும். எனவே கதவருகே நின்று நீக்குவதே உறுதியானது.

கெடு வைத்த எண், ஒப்பந்தம் முடியும் நாள் முன்பே தெரிந்த வாடகைதாரருக்குப் பொருத்தமானது. அவர் இரண்டு மாதம் முன்னதாகக் காலி செய்தால் அந்த எண் மீதி நாளும் செல்லும் என்பதால், அப்போதும் கையால் நீக்கத்தான் வேண்டும். பூட்டு தன் உள்கடிகாரத்தைப் பார்த்தே கெடுவைத் தீர்மானிக்கிறது. பேட்டரி முழுதும் தீர்ந்து மாற்றிய பிறகு அதன் நேரம் சரியாக இருக்கிறதா என்று செயலியில் பார்ப்பது அவசியம்.

எந்த வழியானாலும் எண்ணோடு வேலை முடிந்துவிடாது. அதே நபரின் கைரேகை, அட்டை, செயலியில் பகிர்ந்த அனுமதி ஆகியவை பல பூட்டுகளில் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும்; அவற்றையும் தனித்தனியாகவே நீக்க வேண்டும். நிர்வாகி எண் அவருக்குத் தெரிந்திருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், ஏனெனில் அதை வைத்துப் புதிய எண்ணையே சேர்த்துவிட முடியும். அவசரத்துக்கென்று தந்த சாவி இருந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கதவைத் திறந்து வைத்து, தாழ்ப்பாளை மட்டும் பூட்டிய நிலையில் நீக்கிய எண்ணை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தாழ் உள்ளே போகவில்லை என்றால் நீக்கம் நடந்துவிட்டது. பிறகு உங்கள் எண்ணையும் அழுத்துங்கள். தவறிப்போய் அதையே நீக்கியிருந்தாலும் வெளியே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.